ஆப்ஷன் விற்றவரிடம் எவ்வளவு பிடித்து வைப்பது?

சித்தப்பா மகன் ஈரோட்டிலிருந்து மதியம் போன் செய்தான். குரலில் பதற்றம் இருந்தது. "அண்ணே, இருந்த ரெண்டு பொசிஷன்ல ஒண்ணை முடிச்சுட்டேன். முடிச்சா மார்ஜின் குறையணும்தானே? ஒரு லட்சத்துக்கு மேல பணம் பத்தலைன்னு மெசேஜ் வருது. ஏதாவது தப்புக் கணக்கா?"

அவன் நிஃப்டியில் 25,500 கால் ஒன்றை விற்றிருந்தான். அதற்குப் பாதுகாப்பாக 26,000 கால் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். அன்று காலை, வாங்கியதை முதலில் விற்றுவிட்டு, விற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். தப்புக் கணக்கு எதுவும் இல்லை. எக்ஸ்சேஞ்ச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தது. ஆனால் அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. புரோக்கர் செயலியில் ஒற்றை எண்தான் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஆப்ஷன் விற்கிற பலருடைய நிலையும் இதுதான் என்பதால், அவனுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கே விரிவாக எழுதுகிறேன். எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுமைப்படுத்தியிருக்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. ஆப்ஷன் வாங்குகிறவர் பிரீமியத்தைக் கட்டிவிட்டால் அவர் வேலை முடிந்தது. அதற்கு மேல் அவரிடம் யாரும் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. விற்றவர் நிலை அப்படியல்ல. அவர் ஒரு வாக்குறுதியைக் கொடுத்துக் காசு வாங்கியிருக்கிறார். நிஃப்டி 25,500-ஐத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் பணம் தர வேண்டும். அவர் தராமல் போனால்? என்எஸ்இயில் நடக்கும் வியாபாரங்களுக்கு வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் கிளியரிங் கார்ப்பரேஷன் நிற்கிறது. விற்றவர் கைவிரித்தால் வாங்கியவருக்கு அதுதான் பணம் தர வேண்டும். அதனால் அது தினமும் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறது: இந்த ஆள் இன்று காணாமல் போய்விட்டால், அவருடைய பொசிஷனை நான் முடித்து வெளியே வருவதற்குள் எனக்கு அதிகபட்சம் எவ்வளவு நட்டம் வரலாம்? அந்தத் தொகைதான் மார்ஜின். வீடு வாங்கும்போது கட்டுகிற முன்பணம் போன்றதல்ல அது. இன்னும் வராத நட்டத்துக்கு இப்போதே பிடித்து வைக்கிற ஈடு.

இந்தக் கேள்விக்கு விடை காண உலகில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு சூத்திரத்தை எழுதி வைத்துவிட்டு எல்லோருக்கும் அதையே பொருத்துவது. மற்றொன்று, அவரவர் கையில் இருக்கும் எல்லாப் பொசிஷன்களையும் சேர்த்து வைத்து, சந்தை இப்படிப் போனால் என்ன ஆகும், அப்படிப் போனால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்ப்பது. முதலாவதை நிலையான மார்ஜின் விதி என்றும், இரண்டாவதைப் போர்ட்ஃபோலியோ மார்ஜின் என்றும் சொல்லலாம்.

முதல் வழிக்குத் தெளிவான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே சாதாரண மார்ஜின் கணக்கு வைத்திருப்பவர் எஸ்&பி 500 போன்ற பரந்த குறியீட்டின் மீது பாதுகாப்பில்லாமல் ஒரு கால் விற்றால் விதி இதுதான்: குறியீட்டு மதிப்பில் 15 சதவீதம் எடுத்துக்கொள். ஸ்ட்ரைக் விலை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதைக் கழி. வந்த தொகை 10 சதவீதத்துக்குக் கீழே போனால் 10 சதவீதத்தையே வை. அதோடு ஆப்ஷனின் அன்றைய விலையைக் கூட்டு. தனிப் பங்குகளாக இருந்தால் 15-க்குப் பதில் 20.

நம் நிஃப்டி எண்களை வைத்தே இந்த விதியை ஓட்டிப் பார்க்கலாம். நிஃப்டி 25,000. எக்ஸ்பைரிக்கு ஒரு மாதம் இருக்கிறது. 25,500 காலின் விலை 177 ரூபாய். ஒரு லாட்டுக்கு 75 என்று வைத்துக்கொள்வோம். லாட் அளவு அவ்வப்போது மாறும். குறியீட்டில் 15 சதவீதம் என்றால் 3,750 புள்ளி. ஸ்ட்ரைக் 500 புள்ளி தள்ளி இருப்பதால் மிச்சம் 3,250. ஒரு லாட்டுக்கு 2,43,750 ரூபாய். ஆப்ஷன் விலையும் இதோடு சேரும் என்றாலும், விற்றவர் வாங்கிய பிரீமியமே அதற்கு ஈடாகிவிடுவதால் அதை இரண்டு பக்கமும் விட்டுவிடலாம். இனி வரும் கணக்குகளிலும் அப்படியே செய்கிறேன்.

இந்த விதியின் அழகு, பென்சிலும் காகிதமும் போதும் என்பது. குறையும் அதிலேயே இருக்கிறது. சந்தை அமைதியாக இருந்தாலும், கொந்தளித்தாலும் அதே 15 சதவீதம். எக்ஸ்பைரிக்கு 2 நாள் இருந்தாலும் 2 மாதம் இருந்தாலும் அதே 15 சதவீதம். ஹெட்ஜ் விஷயத்தில்தான் இது இன்னும் இறுக்கமாக நடந்துகொள்ளும். விதிப் புத்தகத்தில் பெயர் சொல்லி எழுதப்பட்ட சேர்க்கைகளை மட்டுமே அது ஹெட்ஜ் என்று ஒப்புக்கொள்ளும். ஒரு கால் விற்று, அதைவிட உயர்ந்த ஸ்ட்ரைக்கில் ஒரு கால் வாங்கினால் அது பட்டியலில் இருக்கிறது. அதனால் அதிகபட்ச நட்டம் எவ்வளவோ அதை மட்டும் கேட்கும். ஆனால் வாங்கிய கால், விற்ற காலுக்கு ஒரு வாரம் முன்பே காலாவதியாகும் என்றால், அந்த ஒரு வாரம் இல்லாத நாள் வரும்வரை அது எவ்வளவு நல்ல பாதுகாப்பாக இருந்தாலும் விதியின் கண்ணுக்குத் தெரியாது. விற்றது தனி, வாங்கியது தனி என்று முழு மார்ஜினையும் கேட்கும்.

இனி இரண்டாவது வழி. 1988இல் சிகாகோ மெர்க்கண்டைல் எக்ஸ்சேஞ்ச் ஸ்பான் என்றொரு கணக்கு முறையைக் கொண்டுவந்தது. இந்தியாவில் டெரிவேட்டிவ் வியாபாரத்தில் என்எஸ்இ பயன்படுத்துவதும் அந்த முறைதான். உங்கள் புரோக்கர் செயலியில் ஸ்பான் மார்ஜின் என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். அது இந்தக் கணக்கின் விடை.

ஸ்பான் உங்களுடைய பொசிஷனிடம் 16 கேள்விகள் கேட்கிறது. குறியீடு ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு நகரக்கூடும் என்று முதலில் ஒரு வரம்பு வைக்கிறார்கள். அண்மைக்கால ஏற்ற இறக்கத்திலிருந்து அதைக் கணக்கிடுகிறார்கள். அதற்கு ஒரு குறைந்தபட்ச அளவும் உண்டு. நம் கணக்குக்கு அதை 10 சதவீதம், அதாவது 2,500 புள்ளி என்று கொள்வோம். குறியீடு அசையாமல் இருந்தால், இந்த வரம்பில் மூன்றில் ஒரு பங்கு ஏறினால், இறங்கினால், மூன்றில் இரண்டு பங்கு ஏறினால், இறங்கினால், முழுவதும் ஏறினால், இறங்கினால் என்று 7 நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் இரண்டு கேள்விகள்: சந்தையின் பதற்றம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? பதற்றம் என்று நான் சொல்வது ஆப்ஷன் விலைக்குள் அடங்கியிருக்கும் வொலட்டிலிட்டியை. ஆக 14. மிச்சம் இரண்டும் அசாதாரணமான நாட்களுக்கு: குறியீடு வரம்பைப் போல இரண்டு மடங்கு ஏறினால், இறங்கினால். அப்படி நடப்பது அரிது என்பதால் அந்த இரண்டில் வரும் நட்டத்தில் 35 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஆப்ஷனின் விலையைச் சூத்திரத்தில் போட்டு மறுபடி கணக்கிட்டு, லாபமா நட்டமா என்று குறிக்கிறார்கள். 16 விடைகளில் மிக மோசமானது எதுவோ அதுதான் ஸ்பான் மார்ஜின்.

தம்பியின் 25,500 காலை மட்டும் தனியாக வைத்து ஓட்டினேன். வொலட்டிலிட்டி 13 சதவீதத்தில் இருக்கிறது. அது 4 புள்ளி ஏறலாம் அல்லது இறங்கலாம் என்று கொண்டேன். குறியீடு அசையாமல் பதற்றம் மட்டும் கூடினால், 177 ரூபாய்க் கால் 281 ஆகிறது. நிஃப்டி ஒரு புள்ளிகூட ஏறாத நிலையிலேயே விற்றவருக்கு 104 ரூபாய் நட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். வரம்பில் மூன்றில் ஒரு பங்கு ஏறி, பதற்றமும் கூடினால் நட்டம் சுமார் 505. மூன்றில் இரண்டு பங்கில் சுமார் 1,115. முழு 2,500 புள்ளியும் ஏறி, பதற்றமும் கூடினால் 1,855. இரண்டு மடங்கு ஏறும் அசாதாரண நாளில் நட்டம் 4,300-ஐத் தாண்டும். ஆனால் அதில் 35 சதவீதம் என்றால் 1,500 சொச்சம்தான். ஆகவே மிக மோசமான விடை 1,855. ஒரு லாட்டுக்கு 1,39,125 ரூபாய்.

இப்போது 26,000 காலை வாங்கி அருகில் வைப்போம். அதன் விலை 71 ரூபாய். விற்றதில் 177 வந்தது, வாங்கியதில் 71 போனது, நிகரமாகக் கையில் 106. இந்த ஜோடியில் அதிகபட்ச நட்டம் எவ்வளவு என்பது பள்ளிக்கூடக் கணக்கு. இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் இடைவெளி 500. அதில் 106 கழித்தால் 394. நிஃப்டி 30,000 போனாலும் 40,000 போனாலும் அதற்கு மேல் ஒரு ரூபாயும் நட்டமில்லை.

ஸ்பானுக்கு ஹெட்ஜ் என்றோ ஸ்பிரெட் என்றோ பெயர் எதுவும் தெரியாது. அதே 16 கேள்விகளை இரண்டு ஆப்ஷன்களிடமும் கேட்டு, கேள்விக்குக் கேள்வி லாபத்தையும் நட்டத்தையும் கூட்டிவிடுகிறது. நிஃப்டி முழுவதும் ஏறிப் பதற்றமும் கூடுகிற அந்தப் பழைய மோசமான கேள்வியில், விற்ற கால் 1,855 நட்டம் தருகிறது. வாங்கிய கால் 1,510 லாபம் தருகிறது. நிகர நட்டம் சுமார் 345. ஆனால் இப்போது மிக மோசமான கேள்வி அது அல்ல. நிஃப்டி முழுவதும் ஏறி, பதற்றம் குறைகிற கேள்விதான் மோசமாகிவிட்டது. அதில் நட்டம் 390. பதற்றம் குறைந்தால் இரண்டு கால்களும் தங்கள் முழு இடைவெளிக்கு நெருங்கிவிடுவதே காரணம். தனிக் காலுக்குப் பதற்றம் கூடுவது எதிரி. ஜோடிக்கு, நிஃப்டி இவ்வளவு ஏறிய பிறகு, பதற்றம் குறைவது எதிரி. போர்ட்ஃபோலியோ மார்ஜினின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பொசிஷனுடைய மோசமான நாளையும் தனித்தனியாக எடுத்துக் கூட்டாமல், எல்லாம் சேர்ந்து சந்திக்கிற ஒரே மோசமான நாளை அது தேடுகிறது.

390-ஐ 75-ஆல் பெருக்கினால் 29,250 ரூபாய். தனிக் காலுக்குக் கேட்ட 1,39,125 எங்கே, இது எங்கே!

"அப்புறம் ஏண்ணே என்கிட்ட 66 ஆயிரத்துக்கு மேல பிடிச்சாங்க?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. இந்திய மார்ஜினில் ஸ்பானோடு கதை முடிவதில்லை. எக்ஸ்போஷர் மார்ஜின் என்று இரண்டாவது வரி ஒன்று உண்டு. குறியீட்டு ஆப்ஷன் விற்றால், பொதுவாக அந்த ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பில் 2 சதவீதம். 25,000-ஐ 75-ஆல் பெருக்கினால் 18,75,000. அதில் 2 சதவீதம் 37,500. இந்த வரி 16 கேள்விகள் எதையும் கேட்பதில்லை. ஹெட்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. விற்றிருக்கிறாயா, அப்படியானால் 2 சதவீதம் வை, அவ்வளவுதான். அதாவது அது நிலையான விதி. 29,250-ஓடு 37,500 சேர்த்தால் 66,750. தம்பி பார்த்த எண் அதுதான்.

ஆக, நிஃப்டி ஆப்ஷன் விற்கிற ஒவ்வொருவருடைய கணக்கிலும் அந்த இரண்டு வழிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. மேலே போர்ட்ஃபோலியோ கணக்கு. கீழே நிலையான விதி. ஹெட்ஜ் வாங்கும்போது முதல் வரி சரிந்து விழும். இரண்டாவது வரி அசையாது. இதன் விளைவு ஒன்று விநோதமாகத் தோன்றும். இந்த ஜோடியில் தம்பி இழக்கக்கூடிய அதிகபட்சத் தொகை 29,550 ரூபாய். அவனிடம் பிடித்து வைத்திருப்பதோ 66,750. நட்டத்தின் உச்சவரம்பைவிட இரண்டு மடங்குக்கு மேல். அமெரிக்காவின் அந்தப் பழைய விதி இதே ஜோடியைப் பட்டியலில் பார்த்து, உச்சவரம்பான 29,550-ஐ மட்டும்தான் கேட்டிருக்கும். போர்ட்ஃபோலியோ முறை எப்போதும் மலிவு, நிலையான விதி எப்போதும் கனம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பட்டியலில் பெயருள்ள எளிய ஜோடிகளுக்கு நிலையான விதியே கச்சிதமாக இருக்கலாம். பெயரில்லாத, சிக்கலான கூட்டுகளில்தான் இரண்டுக்கும் உள்ள தூரம் தெரிய வருகிறது.

தம்பியின் மதியப் பதற்றத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. வாங்கிய 26,000 காலை அவன் விற்ற அந்த நொடியில், ஸ்பானின் கண்ணுக்கு மீதி இருந்தது தனிக் கால் ஒன்றுதான். ஸ்பான் 29,250-லிருந்து 1,39,125-க்குத் தாவியது. எக்ஸ்போஷரோடு சேர்த்து 1,76,625. தேவை ஒரே நொடியில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஏறிவிட்டது. பொசிஷன்களின் எண்ணிக்கை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் குறைந்தது பாதுகாப்பு, கடன் அல்ல. விற்றதை முதலில் திரும்ப வாங்கி முடித்துவிட்டு, அப்புறம் வாங்கியதை விற்றிருந்தால் ஒரு கட்டத்திலும் தேவை ஏறியிருக்காது. நுழையும்போது இதற்கு நேர்மாறு: முதலில் வாங்கு, பிறகு விற்பனை செய். இந்த வரிசையை ஆப்ஷன் விற்க வருகிற எவருக்கும் முதல் நாளே சொல்லித் தர வேண்டும்.

மாலையில் சரிசெய்துவிடலாம் என்று விடவும் முடியாது. நாள் முடிவில் மட்டும் மார்ஜின் பார்த்த காலம் போய்விட்டது. 2020 டிசம்பரில் தொடங்கி, 2021 செப்டம்பரில் முழு அளவுக்குக் கொண்டுவரப்பட்ட பீக் மார்ஜின் முறையில், கிளியரிங் கார்ப்பரேஷன் நாளின் நடுவே குறைந்தது 4 முறை, முன்கூட்டித் தெரியாத நேரங்களில், பொசிஷன்களைப் படம் எடுத்துவைக்கிறது. அதில் எது அதிகமோ அதற்குப் பணம் இருந்திருக்க வேண்டும். பற்றாக்குறை ஒரு லட்சத்துக்கும், தேவையில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் நாளொன்றுக்கு 0.5 சதவீதம் அபராதம். இல்லையென்றால் 1 சதவீதம். ஹெட்ஜை வாடிக்கையாளரே உடைத்ததால் வந்த பற்றாக்குறை என்றால், அந்த அபராதத்தை அவரிடமே வசூலிக்கப் புரோக்கருக்கு அனுமதியும் உண்டு.

இன்னொரு சேர்க்கையையும் பார்த்துவிட வேண்டும். ஈரோட்டில் மட்டுமல்ல, எங்கும் ஆப்ஷன் விற்கிறவர்களுக்கு மிகவும் பிடித்தது அது: ஸ்ட்ராங்கிள். 25,500 காலையும் 24,500 புட்டையும் சேர்த்து விற்பது. நிஃப்டி நடுவில் நின்றால் இரண்டு பிரீமியமும் கையில். இதற்கு ஸ்பான் எவ்வளவு கேட்கும்? ஒரே நாளில் நிஃப்டி 10 சதவீதம் ஏறவும் இறங்கவும் செய்யாது. ஏறினால் கால் அடிக்கும். புட்டின் விலை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும். நம் எண்களில் கால் 1,855 நட்டம் தரும்போது, 171 ரூபாய்க்கு விற்ற புட் 168 லாபம் தருகிறது. நிகரம் 1,687. ஆக ஸ்பான் 1,26,525 ரூபாய். காலை மட்டும் தனியாக விற்றபோது கேட்டதைவிட இது குறைவு! எக்ஸ்போஷர் மட்டும் இரண்டு விற்பனைக்கும் தனித்தனியாக, 75,000. மொத்தம் 2,01,525.

கணக்கில் பிழையில்லை. ஆனால் இந்த எண்ணைப் பார்த்து, ஸ்ட்ராங்கிள் தனிக் காலைவிடப் பாதுகாப்பானது என்று முடிவு செய்பவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கும். ஸ்பான் அளப்பது இன்றிலிருந்து உடனடியாக வரக்கூடிய ஒரு பெரிய நகர்வை மட்டும்தான். திங்கட்கிழமை ஏறி, காலை நட்டத்தில் முடித்துவிட்டு, புதன்கிழமை இறங்கிப் புட்டிலும் அடிபடுவது அதன் 16 கேள்விகளில் இல்லை. ஒரு மாதம் முழுக்க வைத்திருப்பவருடைய ஆபத்து வேறு. கிளியரிங் கார்ப்பரேஷனுடைய ஓரிரு நாள் ஆபத்து வேறு. மார்ஜின் பிந்தையதற்குத்தான் அளவுகோல். விற்பவரின் ஆபத்துக்கு அதை அளவுகோலாக எடுத்துக்கொள்வதுதான் பலருடைய கணக்கைக் காலி செய்கிறது.

அமெரிக்காவிலும் இப்போது இரண்டாவது வழி இருக்கிறது. 2007 முதல் அங்கே தகுதியுள்ள வாடிக்கையாளர்கள் போர்ட்ஃபோலியோ மார்ஜின் கணக்கு வைத்துக்கொள்ளலாம். பரந்த குறியீடுகளுக்கு 8 சதவீத இறக்கம் முதல் 6 சதவீத ஏற்றம் வரை சமமான 10 புள்ளிகளில் ஓட்டிப் பார்க்கிறார்கள். இறக்கத்துக்கு அகலம் அதிகம். குறியீடுகள் ஏறுவதைவிட வேகமாக விழும் என்பது அனுபவம். தனிப் பங்குகளுக்கு இரு பக்கமும் 15 சதவீதம். நம் 25,500 காலை இந்த அளவில் வைத்தால், 6 சதவீத ஏற்றத்தில் நட்டம் சுமார் 898 புள்ளி. லாட்டுக்கு ஏறக்குறைய 67,000 ரூபாய். நிலையான விதி கேட்டது 2,43,750. ஒரே நாடு, ஒரே ஆப்ஷன், ஒரே ஆபத்து. கணக்கின் வகை மாறியதால் தேவை நாலில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. அதே பணத்தை வைத்து மூன்று நான்கு மடங்கு விற்க முடியும் என்பதுதான் இதன் மறுபக்கம். அதனால்தான் அந்தக் கணக்கு எல்லோருக்கும் கிடையாது. குறைந்தது 1,00,000 டாலர் இருப்பு வேண்டும். இந்தியாவில் அப்படி ஒரு வாசல் இல்லை. சில லட்சம் வைத்திருக்கும் சிறு முதலீட்டாளருக்கும் ஸ்பான்தான். அந்த 2 சதவீத எக்ஸ்போஷர் வரியை ஹெட்ஜ் வியாபாரிகள் வீண் சுமை என்று குறைசொல்வதுண்டு. எனக்கு அது வீணாகத் தெரியவில்லை. வாசல் இல்லாத வீட்டுக்கு அது ஒரு திண்ணை போல.

ஏனென்றால் 16 கேள்விகளும் தவறிப்போகும் நாட்கள் உண்டு. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 12.98 சதவீதம் விழுந்தது. நாம் வைத்துக்கொண்ட 10 சதவீத வரம்பு அன்று போதாது. அந்த நாட்களில் இந்தியா விக்ஸ் 80-ஐத் தாண்டியது. பதற்றம் 4 புள்ளி கூடும் என்று கேட்கிற கேள்விக்கு அந்த உயரம் எட்டாது. அசாதாரண நாளுக்கான அந்த 35 சதவீதக் கேள்விகளும், எந்தக் கேள்வியும் கேட்காத எக்ஸ்போஷர் வரியும் அப்படிப்பட்ட நாட்களுக்குத்தான் இருக்கின்றன.

இன்னொரு சிக்கலும் இதனோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. வரம்பை அண்மைக்கால ஏற்ற இறக்கத்திலிருந்து கணக்கிடுகிறார்கள் என்று சொன்னேன். சந்தை விழுந்தால் ஏற்ற இறக்கம் கூடும். கூடினால் வரம்பு விரியும். விரிந்தால் மார்ஜின் ஏறும். நீங்கள் புதிதாக எதையும் விற்கவில்லை, பழைய பொசிஷன் அப்படியே இருக்கிறது. ஆனாலும் தேவை ஏறுகிறது. அதே வேளையில் நட்டமும் ஏறிக் கையிருப்பு குறைகிறது. பணம் கட்ட முடியாதவர்கள் தாங்கள் விற்றதைத் திரும்ப வாங்கி வெளியேறப் பார்க்கிறார்கள். அந்த வாங்குதல் ஆப்ஷன் விலையை இன்னும் ஏற்றுகிறது. நிலையான 15 சதவீத விதிக்கு இந்தக் குணம் மிகக் குறைவு. அமைதியான நாளில் அதிகமாகத் தோன்றிய அதே எண், கொந்தளிப்பான நாளில் அசையாமல் நிற்கும். 2024 ஜூன் 4 அன்று, தேர்தல் முடிவு வந்த நாளில், நிஃப்டி 5.93 சதவீதம் விழுந்தது. கணக்கில் இருந்த முழுப் பணத்துக்கும் புட் விற்று வைத்திருந்தவர்கள் எந்த நிலைக்கு வந்திருப்பார்கள் என்பதை இந்த 16 கேள்விகளை வைத்தே ஊகிக்கலாம். இதனால் தம்பிக்கு நான் சொன்னது: செயலி காட்டும் எண்ணை முழுப் பணத்துக்கும் பொருத்தாதே. சந்தை 5 சதவீதம் நகர்ந்தால் உன் மார்ஜின் எவ்வளவு ஆகும் என்று முந்தின இரவே ஒரு முறை கணக்குப் போடு. இந்தக் கணக்கை ஓட்டிக்காட்டும் மார்ஜின் கால்குலேட்டர்கள் பல புரோக்கர் தளங்களில் இருக்கின்றன.

கடைசியாக எக்ஸ்பைரி நாள். இரண்டு வழிகளும் மோதிக்கொள்ளும் நாள் அது. ஒரு மாதத்து ஆப்ஷனை விற்று, அடுத்த மாதத்து ஆப்ஷனை வாங்கி வைத்திருந்தால், ஸ்பான் இரண்டையும் ஈடுகட்டி மார்ஜினைக் குறைக்கும். ஆனால் எக்ஸ்பைரி நாளின் மாலையில் ஒரு கால் மறைந்துவிடும். மறுநாள் காலை மீதி நிற்பது ஒற்றைப் பொசிஷன். அன்றைய வியாபார அளவும் மிக அதிகம். செபி 2024 அக்டோபரில் வெளியிட்ட சுற்றறிக்கையில் இதற்கு நிலையான விதிகளைத்தான் கொண்டுவந்தது. 2024 நவம்பர் 20 முதல், எக்ஸ்பைரி நாளில், அன்று முடிகிற குறியீட்டு ஆப்ஷன்களை விற்று வைத்திருந்தால் கூடுதலாக 2 சதவீதம். 2025 பிப்ரவரி 1 முதல், அன்று முடிகிற ஒப்பந்தத்துக்கு வேறு மாத ஒப்பந்தத்தோடு ஈடுகட்டும் சலுகை அன்று கிடையாது. சந்தை என்ன செய்கிறது, உன் தொகுப்பு எப்படி இருக்கிறது என்று எதையும் கேட்காத விதிகள் இவை.

தம்பி அன்று மாலையே விற்ற காலைத் திரும்ப வாங்கிக் கணக்கை நேராக்கிவிட்டான். இரண்டு வாரம் கழித்து மறுபடி போன் வந்தது. அடுத்த நாள் எக்ஸ்பைரி. அதே போன்ற ஜோடி ஒன்று கையில் இருந்தது. "அண்ணே, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்பான் 30 ஆயிரத்துக்குள்ளதான் வருது. எக்ஸ்போஷர்தான் நாளைக்கு 37,500-லருந்து 75 ஆயிரம் ஆகும். பணத்தை இன்னைக்கே மாத்திடட்டுமா?"

"மாத்திடு" என்றேன்.